மூன்று ஏ பனரைக் கழற்றுங்கோ

பட்டம் முடிச்சு வேலைக்குக் காத்திருக்கிற எங்கட ஆக்கள் டியூசன் தொடங்கேக்க முதல் செய்யிறது பனர் அடிக்கிறது. படம், பழைய இசட் புள்ளி, மாவட்ட நிலை. அது சொல்லுறது ஒண்டைத்தான்: இவருக்குப் படிக்கத் தெரியும். படிப்பிக்கத் தெரியுமோ எண்டதுக்கு அதில சாட்சி இல்லை.

அதைப் பாத்து வாறது எப்பிடியும் சித்தியடையப்போற பிள்ளையள்தான். அவையளும் பாதிப்பேர் ரெண்டு கிழமையில பேர்பெற்ற சேரின்ர கொட்டிலுக்குப் போயிடுவினம். சாதாரண தரக் கணிதத்தில டபிள்யூ எடுக்கப்போற பிள்ளை உங்கட பனரைக் கண்டு வெக்கத்தில தலையைக் குனிஞ்சு போகும். கணிதம் தவறினால் உயர்தர வாசலே அதுக்குச் சிக்கல். ஆள் உண்மையா தேவைப்படுறது அங்கதான்.

அந்தப் பிள்ளையை விளம்பரம் கொண்டுவராது, விடைத்தாள்தான் கொண்டுவரும். ஊர்ச் சனசமூக நிலையத்தில ஒரு சனிக்கிழமை இருங்கோ. பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளையளின்ர தவணைப் பரீட்சைக் கணித விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கோ. புள்ளி எங்க போனது எண்டு தாய்க்குக் காசு வாங்காமல் காட்டுங்கோ.

ஒரு கணக்குப் பாப்பம். முதல் வினாத்தாளின்ர முதற் பகுதியில 25 குறுவினா, ஒண்டுக்கு 2 புள்ளி. பிள்ளை 14 சரி, 28 புள்ளி. அடுத்த பகுதியில 6. மொத்தம் 34. இரண்டாம் வினாத்தாளில 30. ரெண்டையும் கூட்டி அரைவாசியாக்க 32. சித்திக்கு 35 வேணும். கூட்டுத்தொகையில குறையிறது 6 புள்ளி, அதாவது மூண்டு குறுவினா.

இனிப் பிழைச்ச 11ஐயும் பாருங்கோ. நாலு தொடவேயில்லை. மிச்சத்தில மூண்டு, அடைப்பை விரிக்கிறது, சமன்பாடு, சமனிலி. மூண்டு பாடம் மாதிரித் தெரியும். ஆனா மூண்டிலும் பிள்ளை −2(x−3) ஐ −2x−6 எண்டு எழுதியிருக்கு. ஒரே வருத்தம். சமன்பாட்டுப் பாடத்தைத் திரும்ப முழுசா நடத்தினால் இது மாறாது. மறைக்குறியை மறையால் பெருக்கிறதை மட்டும் ரெண்டு நாள் செய்விச்சு, பிறகு அந்த மூண்டு வினாவையும் எண்களை மாத்திக் குடுங்கோ. அப்பவும் அதே குறிப் பிழை வந்தால் பிள்ளைக்கு இன்னும் விளங்கேல்லை, பாடமாக்கித் தலையாட்டியிருக்கு.

இப்பிடி ஒரு தாய்க்குக் காட்டினால் அடுத்த கிழமை பக்கத்து வீட்டுத் தாய் வருவா. பனரால் வந்த கூட்டம் மாதிரி இது கெதியாப் பெருகாது, நாலைஞ்சு பேரோட மாசக்கணக்கில நிக்கும். ஒவ்வொரு தாளையும் இருந்து பாக்கிறதெண்டால் எட்டுப் பேருக்கு மேல ஒருத்தரால் ஏலாது. (அறுபது பேரை வாங்கில நெருக்கி இருத்திப்போட்டு 'தனிக்கவனம்' எண்டு துண்டு அடிக்கிறவையை என்ன சொல்ல?)

12 புள்ளி எடுத்த பிள்ளைக்கு இந்த மூண்டு வினாக் கணக்குச் சரிவராது. அதுக்குப் பின்னமும் வாய்ப்பாடும் முதலில இருந்து வேணும், பத்தாம் ஆண்டிலேயே தொடங்கவேணும். பதினோராம் ஆண்டுக் கடைசித் தவணையில அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால், முடியாது எண்டதைத் தாய்க்கு அண்டைக்கே சொல்லிப்போட்டுத்தான் காசைப் பற்றிக் கதைக்கவேணும்.