என் முகம்தான் டெபாசிட்

நட்பு பெரிதா, நாணயம் பெரிதா என்று பட்டிமன்றத்தில் யார் பேசினாலும் இனி எழுந்து வந்துவிடுவேன். அங்கே இரண்டு கட்சிக்கும் கைதட்டல் கிடைக்கும். எனக்கு இரண்டு கட்சியிடமும் வசவுதான் கிடைத்தது. அதுவும் ஒரு ஏலச்சீட்டால்.

மதுரையில் நாங்கள் இருக்கும் பகுதியில் சீட்டுப் பிடிக்காத தெரு கிடையாது. என் பள்ளிக்கூடத்து நண்பனும் பிடித்தான். ஜவுளிக்கடை வைத்திருந்தான், கை தாராளம், யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நிற்பான். இருபது பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், 20 மாதம். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. முதல் மாதப் பணம் ஏலமில்லாமல் அவனுக்கு. இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். அவசரத்தில் இருக்கும் ஒருவர் 30,000 தள்ளி எடுத்தால் அவர் கைக்கு 70,000 வரும். தள்ளிய தொகையில் 5,000 நண்பனுடைய கமிஷன். மிச்சம் 25,000-ஐ இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,250. அந்த மாதம் எல்லோரும் 3,750 கட்டினால் போதும். ஒழுங்காக நடந்தால் இதில் யாருக்கும் நட்டமில்லை.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக கணக்கு நோட்டு என்னிடம் வந்தது. வம்பும் அப்படித்தான் வந்தது.

சீட்டு முடிவை நெருங்க நெருங்க தள்ளு குறைய வேண்டும். பதினாறாவது மாதத்தில் ஐந்து பேர்தான் எடுக்காமல் மிச்சம் இருப்பார்கள். இன்னும் நாலு மாதம் பொறுத்தால் கமிஷன் போக 95,000 முழுசாக வரும். அதை விட்டுவிட்டு ஒருவர் 28,000 தள்ளி 72,000-க்கு எடுத்திருந்தார். இப்படி யாராவது எடுத்தால் வீடு பற்றி எரிகிறது என்று அர்த்தம், இல்லாவிட்டால் எடுத்தவர் என்று ஒருவரே கிடையாது என்று அர்த்தம். நோட்டில் இருந்த பெயர் நண்பனுடைய மச்சினனுடையது. அந்தப் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான், சீட்டு ஏலத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அதற்கு முந்தைய ஒரு மாதத்திலும் அப்படியே ஒரு பெயர்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மாதம் சீட்டில் இருந்தவர்கள் எல்லோருக்கும் ஏக சந்தோஷம். தள்ளு அதிகம் போனால் கட்டும் பணம் குறையுமே. எடுத்தது யார் என்று ஒருத்தர் கேட்கவில்லை. முன்பு ஐந்தாம் தேதி சாயங்காலம் அவன் வீட்டு மாடியில் காராச்சேவும் காபியுமாக நேரில் நடந்த ஏலம், அதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அறிவிப்பாகச் சுருங்கியிருந்தது. நிஜமாகவே எடுத்தவர்களுக்கும் பணம் கைக்கு வரவில்லை. "என்கிட்டயே இருக்கட்டும், ரெண்டு வட்டி தர்றேன்" என்று நிறுத்திக்கொண்டான். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றதும் அவர்களும் விட்டுவிட்டார்கள். பழைய சீட்டு முடியும் முன்பே புதுச்சீட்டு ஒன்றும் ஆரம்பித்தான். புதுசில் வாங்கிய பணம் பழைய ஓட்டையை அடைக்கப் போனது. கடையில் சரக்கு தேங்கி, கடன் ஏறி, அங்கே தொடங்கியதுதான் எல்லாம்.

நேராகவே கேட்டேன். அவன் மறுக்கவில்லை. "தீபாவளி வியாபாரம் வந்தா மேடேறிருவேன் மாப்ள. அதுவரைக்கும் வாயத் திறக்காத" என்றான். நம்ப வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். என் மகள் பிரசவத்தின்போது ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வந்தவன் அவன். தெருவில் நின்று கூவ எனக்கு மனசு வரவில்லை. "புதுசா யாரையும் சேர்க்காத. யாராவது எங்கிட்ட வந்து கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நோட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் தவணையை மட்டும் நிறுத்தவில்லை.

கேட்க ஆள் வராமல் இருக்குமா? எங்கள் தெரு முக்கில் இஸ்திரி போடுகிறவர் வந்தார். மகனுக்குக் காலேஜ் ஃபீஸ் சேர்க்க வேண்டும், புதுச்சீட்டில் சேரலாமா என்று கேட்டார். "நீங்க கூட இருக்கீங்கன்னுதான்ணே தைரியமாக் கேக்குறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது அங்கேதான். 1982-ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டப்படி சீட்டு நடத்துகிறவர் முன்அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும், சீட்டுத் தொகை அளவுக்கு டெபாசிட் கட்டி வைக்க வேண்டும். நாளைக்கு அவர் கையை விரித்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும் என்பதற்குத்தான் அது. தெருச்சீட்டில் பதிவும் இல்லை, டெபாசிட்டும் இல்லை. அந்த இடத்தில் என் முகத்தை வைத்திருந்தான். 'சார் கணக்கு எழுதுறாரு' என்பதுதான் அவன் காட்டிய ஜாமீன். நான் சும்மா இருந்தாலே போதும், அந்த ஜாமீன் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். நட்புக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழி விடவில்லை அவன்.

"சீட்டு வேணாம். மாசாமாசம் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில போடுங்க. குறைஞ்ச வட்டிதான், ஆனா பணம் இருக்கும்" என்றேன். காரணம் சொல்லவில்லை. கேட்டவர் தலையாட்டிவிட்டு என்ன செய்தார்? நேரே ஜவுளிக்கடைக்குப் போய், "அண்ணன் சேர வேணாம்னு சொல்றாரே, என்ன விசயம்ணே?" என்று விசாரித்திருக்கிறார். ரகசியம் என்று சொல்லாதது என் குற்றமாம். பிறகு அவரே சொன்னார்.

அன்று ராத்திரி நண்பன் வந்தான். உட்காரவில்லை. "ஊர்ல எவன் வேணா சொல்லட்டும்டா, நீ சொல்லலாமா? உனக்கு இதுல என்ன நட்டம்?" என்று கேட்டான். "இஸ்திரிக்காரர் பணம் போனா யாருடா நட்டப்படுறது?" என்றேன். "உனக்கு நான் முக்கியமா, அவரு முக்கியமா?" என்றான். இந்தக் கேள்விக்கு மனிதன் என்ன பதில் சொல்ல? அவன் கேட்டால் என் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்றுகூட யோசித்திருப்பேன். அடுத்தவர் பணத்தைப் பணயம் வைக்க என்னை ஏன் கேட்கிறான்?

தீபாவளி வந்தது, மேடு வரவில்லை. பொங்கலுக்குள் கடைக்குப் பூட்டு. அதன் பிறகு நடந்ததுதான் என் வயிற்றெரிச்சல். எங்கள் செட்டுப் பசங்களிடம் நான் காட்டிக்கொடுத்தவன். நான் வாயை விட்டதால்தான் புதுச்சீட்டில் ஆள் சேரவில்லையாம், சேர்ந்திருந்தால் அவன் தப்பித்திருப்பானாம். கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள், அதுவும் பி.காம். படித்தவர்கள். சீட்டுக்காரர்களிடம் நான் கூட்டுக் களவாணி. "இஸ்திரிக்காரருக்குச் சொல்லத் தெரிஞ்சதுல்ல, எங்களுக்கு ஏன் சொல்லல?" என்று வாசலில் வந்து கேட்டார்கள். நீங்கள் கேட்கவில்லையே, தள்ளு அதிகம் போனதென்று காராச்சேவு வாங்கிக் கொண்டாடினீர்களே என்று சொன்னால் அடிதான் விழும். என் தவணைப் பணமும் அதே கிணற்றில்தான் கிடக்கிறது என்பதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. அவன் மனைவி கடைத்தெருவில் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறாள். அது ஒன்றுதான் உண்மையில் வலிக்கிறது.

பணம் தப்பிய இஸ்திரிக்காரராவது ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். போன வாரம் துணி வாங்கப் போனபோது அடுத்த தெருவில் யாரோ புதிதாகச் சீட்டு ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். ஆர்.டி. என்ன ஆனது என்றேன். வட்டி பத்தவில்லையாம், பாதியில் கட்டுவதை நிறுத்திவிட்டாராம்.

"இவரு உங்க ஃபிரெண்டு இல்லையேண்ணே?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு என் சட்டையை மடிக்க ஆரம்பித்தார்.