பள்ளத்தை நிரப்பும் கடன்

ஹைதராபாத்தின் மென்பொருள் ஊழியர் ஈட்டும் டாலரும், கரீம்நகரிலிருந்து வளைகுடா சென்ற தொழிலாளி வீட்டுக்கு அனுப்பும் பணமும் நடப்புக் கணக்கின் வரவு. அவற்றைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பங்குச் சந்தைக்கு வரும் அந்நிய நிதியோ மூலதனக் கணக்கில் சேர்கிறது. நினைத்தபோது வெளியேறும் உரிமை அதற்கு உண்டு.

2012-13 இந்த வேறுபாட்டை உணர்த்தியது. கச்சா எண்ணெயும் தங்கமும் இறக்குமதியை உயர்த்த, சரக்கு வணிகப் பற்றாக்குறை ஏறத்தாழ 19,600 கோடி டாலரானது. சேவை ஏற்றுமதியும் தொழிலாளர் அனுப்பிய பணமும் அதில் பாதிக்கு மேல் ஈடுகட்டின. அப்போதும் நடப்புக் கணக்கில் 8,800 கோடி டாலர், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.8 சதவீதம், துண்டு விழுந்தது. அந்நிய மூலதனமே அதை நிரப்பியது.

2013 மே மாதம், கடன்பத்திரக் கொள்முதலைக் குறைக்கக்கூடும் என அமெரிக்க மைய வங்கி கோடிகாட்டியதுமே நிதி வெளியேறத் தொடங்கியது. சுமார் 55 ரூபாயாக இருந்த டாலர் ஆகஸ்ட் இறுதியில் 68 ரூபாயைத் தாண்டியது. எண்ணெய்ச் செலவு கூடி, சுமை மக்கள்மீது இறங்கியது. தங்க இறக்குமதி வரி 10 சதவீதமாக்கப்பட்டது. வேறு கட்டுப்பாடுகளும் வந்தன. 2013-14இல் பற்றாக்குறை 1.7 சதவீதமாகச் சுருங்கியது.

தங்கி நிற்கும் முதலீட்டுக்கும் விலை உண்டு. அதன் லாபமும் வட்டியும் வெளியேறுவது நடப்புக் கணக்கின் வழியாகத்தான். இன்றைய பள்ளத்தை நிரப்பும் மூலதனம் நாளைய பள்ளத்தைத் தோண்டுகிறது. ஆகவே ஆடம்பர இறக்குமதியையும் குறுகியகால ஊக நிதியையும் நெருக்கடி வருமுன்பே கட்டுப்படுத்த வேண்டும்.