‘வைரல் காய்ச்சல்’ என்று எழுதி மூடப்பட்ட கொப்பிகள்

கப்பல்துறை, பாலையூற்று, தம்பலகாமம், கிண்ணியா பக்கம் இருக்கிற எல்லா இனச் சொந்தங்களுக்கும். பதிவு நீளம். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு கடைசி வரை வாசியுங்கள்.

போன மாதம் ஒரு கூட்டத்தில், மழைக்குப் பிறகு இங்கே ஆட்கள் பத்து நாள், பன்னிரண்டு நாள் காய்ச்சலில் கிடக்கிறார்களே, எலிக்காய்ச்சலா உண்ணிக் காய்ச்சலா என்று யாராவது பார்க்கிறீர்களா என்று கேட்டேன். ஓர் உத்தியோகத்தர் சிரித்தபடி, “அதெல்லாம் எங்கட பக்கம் குறைவு சேர், வாராந்த அறிக்கையை எடுத்துப் பாருங்க” என்றார். எடுத்துப் பார்த்தேன். குறைவாகத்தான் போட்டிருக்கிறது. ஆனால் அந்த இலக்கம் எப்படி அந்தக் கட்டத்துக்குள் வருகிறது என்று தேடிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு வந்து எத்தனை வீடுகள் அழுதன என்பது நமக்கு மறக்காது. அதன் பிறகு காய்ச்சல் என்றால் டெங்கு என்று ஆகிவிட்டது. அது தப்பில்லை, டெங்குவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் டெங்குச் சோதனை இல்லை என்று சொன்னவுடன் கொப்பியில் ‘வைரல்’ என்று எழுதி, பனடோலைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ‘டெங்கு இல்லை’ என்பது ஒரு நோயின் பெயரா? என் வகுப்பில் ஒரு பிள்ளை, “விடை 7 இல்லை சேர்” என்று எழுதினால் நான் புள்ளி கொடுப்பேனா?

எனக்குத் தெரிந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவரும் வீட்டாரும் சம்மதித்துத்தான் எழுதுகிறேன், ஊரும் பெயரும் வேண்டாம். வயல் வேலை செய்பவர். வேலை இல்லாத நாளில் பற்றைக்காடு வெட்டி விறகு எடுப்பார். அப்படி வெட்டிப் பத்து நாளைக்குப் பிறகு காய்ச்சல், தலையைப் பிளக்கிற வலி. பக்கத்து டிஸ்பென்சரியில் அமொக்ஸிசிலின் கொடுத்தார்கள். நாலாம் நாள் குருதிச் சோதனையில் பிளேட்லட் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். டெங்கு என்று பயந்தார்கள். என்எஸ்1 சோதனை இல்லை என்று வந்தது. ‘வைரல்’. ஆறாம் நாள் வேறோர் இடத்தில் இன்னும் விலை கூடிய அன்டிபயோடிக். எட்டாம் நாள் இருமலும் மூச்சு வாங்கலும் தொடங்கி வாட்டில் படுத்தார். ஒன்பதாம் நாள் ஓர் இளம் வைத்தியர் வந்து, “சாரத்தைக் கொஞ்சம் இறக்குங்க ஐயா” என்று சொல்லி உடம்பு முழுக்கத் தேடினார். இடுப்புக்குக் கீழே, கவட்டு மடிப்பில், சிகரட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிவர ஒரு சிவந்த வளையம். பக்கத்தில் நெறி கட்டியிருந்தது. டொக்சிசைக்கிளின் தொடங்கினார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

அந்தக் கறுத்த பொருக்குத்தான் உண்ணிக் காய்ச்சலின் கையெழுத்து. வலிக்காது, கடிக்காது, ஆகவே வைத்திருப்பவருக்கே தெரியாது. அக்குள், கவட்டு, மார்புக்குக் கீழ், இடுப்புப் பட்டி இறுக்கும் இடம், காதுக்குப் பின்னால் என்று மடிப்புகளில்தான் ஒளிந்திருக்கும். எல்லாருக்கும் இருப்பதும் இல்லை. ஆகவே பொருக்கு இல்லாததால் நோய் இல்லை என்று சொல்லவும் முடியாது. ‘உண்ணி’ என்ற பெயரும் நம்மை ஏமாற்றுகிறது. மாட்டில் தொங்கும் உண்ணியை நினைத்து, “என்னை ஒன்றும் கடிக்கவில்லையே” என்கிறோம். இதைப் பரப்புவது கண்ணுக்குப் படாத அளவு சின்னச் சிற்றுண்ணிக் குஞ்சு. காடு வெட்டி விட்ட இடத்தில் திரும்ப முளைக்கிற பற்றை, வயலோரப் புல், எலி ஓடுகிற வரம்பு, இவைதான் அதன் வீடு. பல வருடம் இடம்பெயர்ந்து கிடந்துவிட்டு வந்து பற்றை வெட்டிக் குடியேறிய ஊர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அவருக்கு முதல் கொடுத்த இரண்டு அன்டிபயோடிக்கும் ஏன் வேலை செய்யவில்லை? அமொக்ஸிசிலினும் அதன் சொந்தக்கார மருந்துகளும் கிருமியின் வெளிச் சுவரை உடைத்துக் கொல்பவை. உண்ணிக் காய்ச்சல் கிருமி நம் கலங்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது. அந்த மருந்து உடைக்கிற மாதிரியான சுவர் அதற்கு இல்லை. எவ்வளவு விலை கூடிய ஊசி என்றாலும் அந்த இனத்தைச் சேர்ந்தது என்றால் பிரயோசனம் இல்லை. டொக்சிசைக்கிளின் மலிவான மருந்து, எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைப்பது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுக்கிறார்கள். குறைந்தது மருந்தில்லை, சாரத்தை இறக்கிப் பார்க்கிற இரண்டு நிமிடம்தான்.

எலிக்காய்ச்சல் வேறு விதம். எலி மட்டுமல்ல, மாடு, எருமை, நாய் எல்லாம் சிறுநீரில் கிருமியை விடும். அது வயல் தண்ணீரிலும் வெள்ளம் நின்ற சேற்றிலும் கிடந்து, காலில் இருக்கும் வெடிப்பு, கீறல் வழியாக உள்ளே போகும். “வீட்டில எலியே இல்லையே” என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாளில் காய்ச்சல் வரும். கெண்டைக்கால் சதையை அமுக்கினால் உயிர் போகிற வலி. கண் சிவக்கும், ஆனால் பீளை தள்ளாது. பிறகு சிறுநீர் குறையும், கண் மஞ்சளாகும், சிலருக்கு நுரையீரலுக்குள் இரத்தம் கசியும். டெங்குவில் வெள்ளைக் கலங்கள் இறங்குவதே வழக்கம். எலிக்காய்ச்சலில் பெரும்பாலும் ஏறும். பிளேட்லட் மூன்று நோயிலும் குறையலாம் என்பதால் அதை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்ல முடியாது. இன்னொன்று: டெங்குக் காய்ச்சல் ஏழு நாளுக்குள் விட்டுவிடும். எட்டாம் நாளும் உடம்பு சுடுகிறது என்றால் ‘டெங்கு மாதிரி வைரல்’ என்ற கதையை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும்.

சரி, உத்தியோகத்தரின் இலக்கத்துக்கு வருவோம்.

நான் சொன்ன அந்த மனிதர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்? விசாரித்தேன். பி.எச்.ஐ. வீட்டுக்கு வரவில்லை, ஏனென்றால் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. சட்டப்படி வைத்தியர் சந்தேகப்பட்ட உடனேயே எச்-544 படிவத்தை எம்.ஓ.எச். பணிமனைக்கு அனுப்ப வேண்டும். சோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் ஒன்பது நாள் யாரும் சந்தேகப்படவில்லை, ஆகவே படிவம் இல்லை. பிறகு சந்தேகப்பட்டபோது, “இரத்தச் சோதனையால் உறுதியாகட்டும்” என்று வைத்துவிட்டார்கள். உறுதியாவது எப்படி? இரண்டு நோய்க்கும் உடம்பில் எதிர்ப்புப் பொருள் உருவாகி, சோதனையில் தெரிய ஒரு கிழமையளவு எடுக்கும். முந்திச் செய்தால் ‘இல்லை’ என்றுதான் வரும், நோய் இருந்தாலும். சரியாக நிரூபிக்க, முதல் இரத்தம் எடுத்து இரண்டு கிழமை அளவில் இன்னொரு இரத்தம் எடுத்து, அளவு நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தில்தான் செய்கிறார்கள். காய்ச்சல் விட்டுப்போன வயல்காரர் கூலியை விட்டுவிட்டு இரத்தம் கொடுக்கத் திரும்ப வருவாரா? யாரும் கூப்பிடவும் இல்லை. இறந்தவர் வரவே முடியாது. இப்படி, பிழைத்தவரும் எண்ணப்படவில்லை, போனவரும் எண்ணப்படவில்லை. பிறகு, “இங்கே நோய் குறைவு” என்கிறார்கள். குறைவென்று நினைப்பதால் வைத்தியர் தேடுவதில்லை. தேடாததால் இலக்கம் குறைகிறது. செக்குமாடு போல இதிலேயே சுற்றுகிறோம்.

அந்த வாராந்த அட்டவணையின் கடைசியில் ‘முழுமை’ என்று ஒரு வீதம் இருக்கும். அதை 100 என்று கண்டதும் எல்லா நோயாளியும் எண்ணப்பட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எம்.ஓ.எச். பணிமனைகள் தங்கள் தாளை அனுப்பிவிட்டன என்பதுதான் அதன் அர்த்தம். வெறும் தாளை அனுப்பினாலும் 100 தான். தனியார் டிஸ்பென்சரியிலும் பாமசியிலும் முடிந்துபோன காய்ச்சல் அந்தத் தாளின் பக்கம் போகவே இல்லை.

எல்லாவற்றையும் விட என்னைக் கோபப்படுத்தியது இது. நம் நாட்டில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில், ஏழு நாள் அல்லது அதற்கு மேல் நீடிக்கும் காய்ச்சலும் தனியாகவே இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் அறிவிக்க வேண்டும்! இந்தச் சிக்கலைப் புரிந்த யாரோ ஒருவர் அந்த வரியை எழுதி வைத்திருக்கிறார். ஆனால் நான் பார்த்த மாவட்ட அட்டவணைகளில் அதற்கு ஒரு நிரலே இல்லை. உண்ணிக் காய்ச்சலுக்கும் தனி நிரல் இல்லை, ‘டைபஸ்’ என்று வேறு இனக் காய்ச்சல்களோடு சேர்த்துப் போடுகிறார்கள்.

“இதெல்லாம் வடக்கில், மலைநாட்டில் வருவது” என்பவர்களுக்கு: இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே இந்தத் தீவில் நின்ற படையினருக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது பதிவாகியிருக்கிறது. போருக்குப் பின் யாழ்ப்பாணத்தில் வைத்தியர்கள் பொருக்கைத் தேடத் தொடங்கினார்கள். கிடைத்தது, 2014இல் கட்டுரையாகவும் வந்தது. தேடிய இடத்தில்தான் நோய் ‘இருக்கிறது’. 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக அடுத்தடுத்து ஆட்கள் இறந்ததும் நினைவிருக்கும். முதலில் ‘இனங்காணப்படாத காய்ச்சல்’ என்று செய்தி. மாதிரிகள் கொழும்புக்குப் போய் எலிக்காய்ச்சல் என்று வந்தது. அதற்குள் குறைந்தது ஏழு பேர் மௌத்தாகிவிட்டார்கள். அதன் பிறகுதான் மாத்திரை, விழிப்புணர்வு, ஒலிபெருக்கி எல்லாம். அந்த வெள்ளம் யாழ்ப்பாணத்துக்கு மட்டுமா வந்தது?

வைத்தியர்களை மட்டும் திட்டிவிட்டுப் போகவில்லை. காலை ஒருவர் நூற்றுக்கு மேல் நோயாளி பார்க்கிறார் என்பது தெரியும். நாமும் வாயைத் திறப்பதில்லை. “காய்ச்சல் டொக்டர்” என்கிறோம், “பதினைந்து நாளைக்கு முன்னம் பற்றை வெட்டினேன், வயலில் வெறுங்காலோடு நின்றேன்” என்று சொல்வதில்லை. நம் பெண்கள் விறகுக்கும் மாட்டுக்கும் போகிறார்கள், ஆனால் வாட்டில் கையும் நாக்கும் மட்டும் காட்டுகிறார்கள். வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான், ஆனால் உயிருக்கு ஆபத்தென்றால் வைத்தியருக்குக் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. பெண் வைத்தியரையோ தாதியையோ கேளுங்கள். அதற்கும் முதல், வீட்டில் உம்மாவோ ராத்தாவோ டோர்ச் லைட்டைப் பிடித்து மடிப்புகளைப் பார்க்கலாம். பொருக்கு கண்டால் போட்டோ எடுத்து வைக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கண் மஞ்சளானாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடம்பு வலிக்கு டைக்குளோபினக் ஊசி போடச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள், சிறுநீரகம் ஏற்கனவே போராடிக்கொண்டிருக்கலாம்.

வயலில் இறங்குகிறவர்களுக்கு, கிழமைக்கு ஒரு தடவை எடுக்கும் டொக்சிசைக்கிளினை எம்.ஓ.எச். பணிமனை பி.எச்.ஐ. மூலம் இலவசமாகக் கொடுக்கிறது. பாமசியில் நீங்களே வாங்கிப் போட வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது சரிவராது. மாத்திரை எடுத்தவருக்கும் காய்ச்சல் வரலாம், அப்போதும் காட்டத்தான் வேண்டும்.

அதிகாரிகளிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வெளிநோயாளர் பிரிவில் காய்ச்சல்காரருக்கு, “கடைசி ஒரு மாதத்தில் வயல், பற்றை, வெள்ளத் தண்ணீர்?” என்று ஒரு முத்திரை குத்திய கேள்வி. ஏழு நாள் தாண்டிய காய்ச்சலுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் ஓர் எச்-544. இரண்டாவது இரத்தத்துக்கு, குடும்ப நல உத்தியோகத்தர் மூலமாவது வீட்டில் இருந்தே கூப்பிடுவது.

போன பெரும்போகம் தொடங்கியதிலிருந்து உங்கள் வீட்டில் யாருக்காவது ஏழு நாளைத் தாண்டிக் காய்ச்சல் இருந்தால், தொடங்கிய தேதி, எத்தனை நாள், எந்த ஊர், என்ன வேலை என்பதை இன்பொக்ஸில் அனுப்புங்கள். பெயர் வேண்டாம். கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருந்தது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பட்டியலோடுதான் போகிறேன்.