கடனில் இருப்பவரின் கூலிக் கணக்கு

கடன் கழுத்தை நெரிக்கும் வேளையில் சுற்றியிருப்பவர்கள் ஏதேதோ யோசனை சொல்வார்கள். டிபன் கடை போடலாம், ஆடு வாங்கி வளர்க்கலாம், ஈரோட்டில் துணி எடுத்து வந்து வீட்டிலேயே விற்கலாம். எல்லாமே நடக்கக்கூடியவைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முதலில் தொடங்குகிறது. அந்த முதல் கையில் இல்லாததால்தான் ஒருவர் கடனில் இருக்கிறார் என்பது சொல்பவருக்கு மறந்துவிடுகிறது.

கடன் இல்லாத ஒருவர் பத்தாயிரம் ரூபாய் போட்டு நஷ்டப்பட்டால் அவருக்குப் போவது அந்தப் பத்தாயிரம் மட்டுமே. கடனில் இருப்பவருக்கு அது அங்கே நிற்பதில்லை. அந்த மாதத் தவணைக்கு வைத்திருந்த பணமும் அதோடு போகும். தவணையைக் கட்ட இன்னொருவரிடம், பெரும்பாலும் இன்னும் கூடுதல் வட்டிக்கு, கை நீட்ட வேண்டியிருக்கும். எனவே இவர் சம்பாதிக்கும் வழியைத் தேடும்போது ‘எவ்வளவு கிடைக்கும்?’ என்பது இரண்டாவது கேள்விதான். ‘இதில் யாருடைய பணம் இறங்குகிறது?’ என்பதே முதல் கேள்வி.

இதை விளக்க ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். கும்பகோணம் பக்கம் சிறிய மெஸ் ஒன்றை நடத்தி, அது ஓடாமல் மூடிவிட்ட ஒரு சமையல்காரர். அவருக்குத் தனியாரிடம் மூன்று வட்டிக்கு வாங்கிய ஒன்றரை லட்சம் கடன் இருக்கிறது. மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். ஆண்டுக்கு 36 சதவீதம். வட்டி மட்டும் மாதம் 4,500 ரூபாய். இது போக வங்கியில் நகைக்கடன் உண்டு, மனைவியின் பெயரில் குழுக் கடன் உண்டு. கைத்தொழில் நன்றாகத் தெரியும். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஆனால் இதே நிலையில் பலர் இருக்கிறார்கள்.

கல்யாணச் சமையலை இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒன்று கான்ட்ராக்ட். இலைக்கு இவ்வளவு என்று பேசி, மளிகை முதல் வாழையிலை வரை எல்லாவற்றையும் சமையல்காரரே பார்த்துக்கொள்வது. மற்றொன்று சமையல் கூலி. மாஸ்டர் சாமான் பட்டியல் போட்டுக் கொடுப்பார்; கல்யாண வீட்டார் வாங்கிப் போடுவார்கள்; இவர் ஆட்களோடு வந்து சமைத்துக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டு போவார்.

முதலில் கான்ட்ராக்ட். 300 இலை, இலைக்கு 250 ரூபாய் என்றால் வரவு 75,000. மளிகை, காய்கறி, பால், காஸ், இலை எல்லாம் சேர்ந்து 50,000. உதவியாட்களுக்கும் பரிமாறுபவர்களுக்கும் 12,000. மாஸ்டருக்கு மிஞ்சுவது 13,000. இதே கல்யாணத்துக்குச் சமையல் கூலி 6,000 என்றும், உதவியாட்கள் கூலியை வீட்டாரே கொடுக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். கான்ட்ராக்டில் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கிறது. கடன்காரர் எதை எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது பணம் கைமாறும் வரிசையைப் பார்ப்போம். வீட்டார் தரும் அட்வான்ஸ் 25,000. செலவோ 62,000. இடையில் உள்ள 37,000 ரூபாயை மாஸ்டர்தான் புரட்ட வேண்டும். மளிகைக் கடையில் கடன் சொல்வார். ஆட்கள் கூலிக்குக் கைமாற்று வாங்குவார். அன்று மழை பிடித்துக்கொள்கிறது, 240 இலைதான் விழுகிறது. உண்ட இலைக்குத்தான் காசு என்று பேசியிருந்தால் வரவு 60,000. சமைத்தது 300 பேருக்கு, செலவு 62,000. இரண்டு நாள் அடுப்படியில் நின்றதற்கு 2,000 ரூபாய் நஷ்டம். இலை குறையாமல் போனாலும் இன்னொன்று நடக்கலாம். ‘மொய்ப் பணம் எண்ணி முடிக்கட்டும், தருகிறேன்’ என்று பாக்கி இழுக்கும். புரட்டிய 37,000 மூன்று வட்டியில் வந்ததென்றால், தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1,110 ரூபாய் வட்டி.

கூலி முறையில் இந்தச் சங்கடங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தக்காளி விலை ஏறும், இலை குறையும், சாம்பார் மீந்துவிடும். ஆனால் அவை கல்யாண வீட்டாரின் தலையில் விழுகின்றன. மீந்த மளிகையும் அவர்களுக்கே. மாஸ்டரின் 6,000 அசைவதில்லை. கான்ட்ராக்டில் கூடுதலாகக் கிடைத்த 7,000 சமைத்ததற்கான கூலி அல்ல. விலையையும் கூட்டத்தையும் பாக்கியையும் தன் தோளில் ஏற்றிக்கொண்டதற்கான விலை. கையில் பணம் உள்ளவர் அந்த விலைக்கு அந்தச் சுமையைத் தாங்கலாம். 37,000 ரூபாயையும் வட்டிக்கு வாங்குபவருக்கு அது கட்டுப்படியாகாது.

இந்தப் பிரிவு சமையலில் மட்டும் இல்லை. கட்டட வேலையில் ‘லேபர் கான்ட்ராக்ட்’ என்பார்கள்: செங்கல், சிமென்ட், கம்பி வீட்டுக்காரருடையது, கொத்தனார் வேலையை மட்டும் ஏற்கிறார். ரெடிமேட் தைத்து அடுக்கி வைக்கும் தையல்காரரின் பணம் துணியில் முடங்குகிறது. வாடிக்கையாளர் கொண்டுவரும் ரவிக்கைத் துணியைத் தைப்பவருக்குச் செலவு நூலோடு முடிந்துவிடும். தவணையில் கார் எடுத்து ஓட்டுபவருக்குச் சவாரி இல்லாத நாளும் தவணை நாள்தான். ஆக்டிங் டிரைவருக்கு வண்டியும் டீசலும் உரிமையாளருடையவை. எந்தத் தொழிலிலும் முதல் போடும் இடம் ஒன்றும், கூலி வாங்கும் இடம் ஒன்றும் இருக்கும். கடனில் இருப்பவர் இப்போதைக்கு இரண்டாவது இடத்தில் நிற்கப் பார்க்க வேண்டும்.

கூலி முறை ஓசையில்லாமல் கான்ட்ராக்டாக மாறிவிடுவதும் உண்டு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு வீட்டார், ‘எங்களுக்கு அலைய நேரமில்லை மாஸ்டர், நீங்களே வாங்கிப் போட்டுடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பார்கள். மரியாதைக்காக ஒப்புக்கொண்டால், அந்த நிமிடத்திலிருந்து அவருடைய பணம் உள்ளே போகிறது. கடைக்குக் கூடப் போகலாம்; பொறுக்கியும் எடுக்கலாம். ஆனால் பில் வீட்டார் பெயரில் இருக்க வேண்டும், பணத்தைக் கடைக்காரருக்கு அவர்களே நேரடியாகக் கொடுக்க வேண்டும். வாடகைப் பாத்திரமும் அப்படித்தான். அண்டா காணாமல் போகாது. கரண்டியும் ஜல்லிக்கரண்டியும்தான் காணாமல் போகும். பாத்திரக் கடைச் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் கடைக்காரர் கேட்பார். பாத்திரம் வந்து இறங்கும்போதும் திரும்பும்போதும் வீட்டார் ஒருவரை வைத்து எண்ணிக்கொள்வது கால் மணி நேர வேலை. உதவியாட்களின் கூலியை முதல் நாளே வீட்டாரிடம் வாங்கிவிட்டால், பாக்கி இழுத்தாலும் இழுபடுவது மாஸ்டரின் சொந்தக் கூலி மட்டுமே.

கூலி முறைக்கு ஒரு குறையும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. வட்டிக்கு அந்த மாதங்கள் தெரியாது. நல்ல மாதத்தில் நான்கு கல்யாணம் என்றால் 24,000 ரூபாய், ஆடியில் ஒன்றுமில்லை. ஆகவே இப்படிப்பட்ட தொழிலில் இருப்பவர் அந்த இடைவெளிக்கு, தொகை சிறியதானாலும் மாதம் தவறாத ஒரு சம்பளத்தையோ நாள் கூலியையோ முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். ஆடியில் கோயில் கொடைச் சமையல், மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் அன்னதானம், மற்ற நாட்களில் ஏதாவதொரு கேன்டீன்.

முதல் போடாமலே ஆபத்தைத் தரும் வேலைகளும் இருக்கின்றன. இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது, வேலைக்குச் சேரும்போதே தரப்படும் பெரிய முன்பணம். செங்கல் சூளைகளில் இது வெகுகாலமாக உள்ள வழக்கம். கல்யாண வீட்டார் தரும் அட்வான்ஸ் அந்த வேலையோடு முடிந்துவிடும். இந்த முன்பணமோ ஒரு கடன். அது தீரும்வரை வேறிடத்துக்குப் போகவும் முடியாது. கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைப்பதைக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே குற்றமாக்கிவிட்டது. இரண்டாவது, ‘உங்கள் வங்கிக் கணக்கைக் கொடுங்கள், பணம் வந்து போகும், கமிஷன் தருகிறோம்’ என்பது. கணக்கு வழியாகப் போவது பெரும்பாலும் மோசடிப் பணம். கணக்கு முடக்கப்படும், காவல்துறை முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவரைத்தான். வேலை தருவதாகச் சொல்லி டெபாசிட் கேட்பவர்களைப் பற்றி வாசகர்களுக்கே தெரியும்.

சம்பாதித்ததை என்ன செய்வது என்பதும் இதே கணக்கின் தொடர்ச்சிதான். நம் சமையல்காரரிடம் தவணையெல்லாம் போகப் பத்தாயிரம் ரூபாய் சேர்ந்துவிட்டது என்போம். மாவு அரைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறார். அந்தப் பத்தாயிரத்தை மூன்று வட்டிக் கடனின் அசலில் கட்டினால் அடுத்த மாதத்திலிருந்து 300 ரூபாய் வட்டி குறையும். ஆள் வராவிட்டாலும், மின்சாரம் போனாலும், மழை பெய்தாலும் அது குறைந்தே தீரும். இயந்திரம் தன் செலவெல்லாம் போக மாதம் 300 ரூபாய்க்கு மேல் தந்தால்தான் இதை ஜெயிக்க முடியும். 36 சதவீதத்தை நிச்சயமாகத் தரும் தொழில் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் எல்லாவற்றையும் அசலில் கொட்டிவிடவும் கூடாது. ஒரு மாதத் தவணை அளவு பணமாவது கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே மறுபடி வட்டிக்காரரிடம் போய் நிற்க நேரும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வட்டிக்குக் கொடுப்பவர் பலர் அசலைப் பகுதி பகுதியாக வாங்க மாட்டார்கள். ‘மொத்தமாகக் கொடு, அதுவரை வட்டி கட்டு’ என்பார்கள். வட்டி வரும் வரை அசல் குறைவதில் அவர்களுக்கு லாபமில்லை. ஐம்பதாயிரம் சேர்ந்ததும் கேட்டுப் பார்க்கலாம். பெரிய தொகையைக் கண்டால் சிலர் இறங்கி வருவார்கள். கொடுக்கும்போது புரோநோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதிக் கையெழுத்து வாங்குவது அவசியம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. காவல் நிலையம் வரை போகாதவர்களுக்கும், வட்டியைக் குறைத்துப் பேச அது ஒரு பிடிமானம்.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. ஒன்றரை லட்சத்துக்கு மாத வட்டி 4,500. கைத்தொழில் உள்ளவர் கூலியிலேயே அதைக் கட்டி, மேற்கொண்டு அசலையும் மெல்லக் கரைக்கலாம். அதே வட்டியில் முப்பது லட்சம் என்றால் மாதம் 90,000. எத்தனை கல்யாணம் சமைத்தாலும் கூலி அதைத் தொடாது. அந்த நிலையில் இருப்பவர் மேல்வருமானம் தேடி அலைவதை இப்போதைக்குத் தள்ளிவைத்து, வட்டியை நிறுத்துவது பற்றியோ, மனையை விற்பது பற்றியோ, கடன் கொடுத்தவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவது பற்றியோ யோசிப்பது நல்லது என்று தோன்றுகிறது. தாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அறிய, மொத்தக் கடனின் மாத வட்டியை ஒரு தாளில் எழுதி, அதன் பக்கத்தில் நல்ல மாதக் கூலியை அல்லாமல் ஆடி மாதக் கூலியை எழுதிப் பார்க்கலாம்.