தமிழுக்கு மட்டும் பாதியில் வெட்டு

லக்கலவில் நாங்கள் செய்த செயலியில், நீண்ட அறிவித்தல்களைச் சுருக்கித் தரும் வசதியைச் சேர்த்தோம். கையில் காசு குறைவு. அதனால் மொழி மாதிரியின் ஏ.பி.ஐ.க்கு `max_tokens: 100` என்று வரம்பு போட்டோம். ஆங்கிலச் சுருக்கம் முழுசாக வந்தது. தமிழ்ச் சுருக்கமோ பாதி வசனத்தில் நின்றது. `finish_reason` என்ற இடத்தில் `length` என்று கிடந்தது.

"தமிழ் நீளமான மொழிதானே" என்கிறார்கள். இல்லை. காசு சொல்லுக்கு இல்லை, டோக்கனுக்கு. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கணக்கையே பாருங்கள்: ஒரே அறிமுக வரிகள் பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 டோக்கன், தமிழில் 116. புதிய முறையில் 24, 35. மொழி மாறவில்லை, துண்டு போடுகிற முறைதான் மாறியது. அப்ப பிழை தமிழிலயா?

எங்களிலும் பிழை இருக்கு. `max_tokens` சுருக்கி எழுதச் சொல்லாது, வெட்ட மட்டுமே செய்யும். "மூன்று வசனத்தில் எழுது" என்று கட்டளையில் சொல்லவேண்டும். வரம்பைத் தமிழில் அளந்து, கொஞ்சம் தாராளமாக வைக்கவேண்டும். காசை வேறு இடத்தில் மிச்சம் பிடிக்கலாம்: ஓர் அறிவித்தலை ஒரே தடவை சுருக்கிச் சேமித்தால், ஐம்பது பேர் திறந்தாலும் ஓர் அழைப்புக்கான காசுதான்.

ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு "வேலை செய்யுது" என்று சொல்வதை நிறுத்துவோம். வெட்டுப்பட்ட வசனத்தில் விண்ணப்ப முடிவுத் திகதி இருந்தால், இழப்பு தமிழில் வாசிக்கிறவருக்குத்தான்.