பையின் பாரமும் பாடத்தின் பாரமும்



சில வாரங்களுக்கு முன்னர், சனிக்கிழமை வகுப்பு முடிந்து வாசலில் நின்றபோது ஒரு தந்தை என்னிடம் வந்தார். "மாஸ்டர், பிள்ளை ஒரு மெல்லிய புத்தகமும் ஒரு கொப்பியுந்தான் கொண்டு வாறான். இந்த வயதில் ஊரில் நாங்கள் எவ்வளவு படித்தோம்! இன்னும் இரண்டு புத்தகம் கொடுத்தால் என்ன?" என்று கேட்டார். அக்கறையோடு எழுந்த கேள்வி அது. வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் விடை கூற முடியாதிருந்தது. அவருக்குச் சொல்ல நினைத்ததை இம்மலரில் எழுதுகிறேன்.

புத்தகப் பையின் பாரம் இந்தியப் பாராளுமன்றம் வரை சென்ற விடயம். சென்னையிற் பிறந்த எழுத்தாளர் ஆர். கே. நாராயண், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989ஆம் ஆண்டில் தமது கன்னிப் பேச்சைப் பள்ளிச் சிறுவர்களின் முதுகுச் சுமைக்கே ஒதுக்கினார். பையைச் சுமந்து சுமந்து பிள்ளைகள் கூனிப் போகிறார்கள் என்று அவர் வருந்தினார். 1992இல் இந்திய அரசு பௌதிகவியல் அறிஞர் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு 1993 ஜூலையில் 'சுமையற்ற கற்றல்' என்னும் பொருளுடைய தலைப்பில் தன் அறிக்கையைக் கொடுத்தது.

பையின் எடையை ஆராயப் புகுந்த குழு, அதனிலும் பெரிய சுமை ஒன்றைக் கண்டது. விளங்காமற் படிப்பதே அச்சுமை. பாடநூல்கள் தகவல்களால் நெருக்கப்பட்டிருந்தன. ஒரு கருத்து மனத்தில் ஊறுவதற்குள் அடுத்தது வந்து விழுந்தது. ஆசிரியருக்கோ பாடத்தை முடிக்கும் கவலை. பிள்ளைக்கு மனப்பாடம் ஒன்றே வழி. பாடநூல்களைப் பாடசாலையின் உடைமையாக வைத்து, பிள்ளைகள் அவற்றை நாள்தோறும் சுமப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பது குழுவின் பரிந்துரைகளில் ஒன்று.

தமிழ்நாடு 2012–13 கல்வியாண்டில் முப்பருவ முறையைக் கொண்டு வந்தது. ஓராண்டுக்குரிய நூல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பருவம் முடிந்ததும் அதன் நூலைச் சுமக்கத் தேவையில்லை. முதுகுக்கு இது நல்ல ஆறுதலே. ஆயினும் நூலைப் பிரிப்பது வேறு, பாடத்தைக் குறைப்பது வேறு. மூன்று நூல்களிலும் பழைய அளவு பாடமே இருந்தால், பிள்ளையின் தோள் இலேசாகும். தலையின் பாரம் அப்படியே இருக்கும்.

பாடத்தைக் குறைத்தால் விளக்கம் கூடும் என்பதை நான் விரும்பிக் கற்கவில்லை. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வன்னியில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு மரத்தடியிற் கணிதம் கற்பித்தேன். ஏறக்குறைய நாற்பது பிள்ளைகள், பாடநூல் ஐந்து. நாளை எங்கே இருப்போம் என்பது தெரியாது. ஏழாம் ஆண்டுப் பாடத்திட்டத்தை முடிப்பது இயலாத காரியம். ஆகவே எதைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று தெரிய வேண்டியதாயிற்று. நான் பின்னங்களைத் தெரிந்தேன்.

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி, 2/5 என்றனர் பலர். முன்பெல்லாம் பொது மடங்கு காணும் விதியைக் கரும்பலகையில் எழுதி, பத்துக் கணக்குகள் கொடுத்து, மறுநாள் அடுத்த அலகுக்குப் போயிருப்பேன். அன்று அவசரம் இல்லை. ஒரே நீளமாக நறுக்கிய ஓலைத் துண்டுகளைக் கொடுத்தேன். ஒன்றைப் பாதியாகவும் மற்றொன்றை மூன்றாகவும் வெட்டினார்கள். பாதியையும் மூன்றில் ஒன்றையும் அடுத்தடுத்து வைத்து, முழு ஓலையோடு ஒப்பிட்டார்கள். முழு ஓலைக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. "எவ்வளவு குறைவு?" என்று கேட்டேன். அரைத் துண்டாலும் அதை அளக்க முடியவில்லை, மூன்றிலொரு துண்டாலும் முடியவில்லை. இரண்டையும் மிச்சமின்றி அளக்கக்கூடிய சிறு துண்டு ஒன்றைத் தேடினார்கள். ஆறில் ஒரு பங்கு அகப்பட்டது. பாதியில் அது மூன்று முறை, மூன்றில் ஒன்றில் இரண்டு முறை, ஆக 5/6.

இதற்கு மூன்று நாட்கள் சென்றன. மூன்றாம் நாள் ஒரு சிறுமி எழுந்து, "சேர், 2/5 அரையிலும் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் கூட்டினால் எப்படி அரையிலும் குறையும்?" என்றாள். விளங்கியதற்கு அடையாளம் அதுதான். விதியை மனனம் செய்த பிள்ளை விடையை மட்டும் தரும்; விளங்கிய பிள்ளை பிழையான விடை ஏன் பிழை என்று சொல்லும். பின்னர் விகிதமும் சதவீதமும் தொடங்கியபோது பாதி வேலை முன்னரே முடிந்திருந்தது. அந்நாட்களின் இழப்பை நன்மை என்று நான் ஒருபோதும் கூறமாட்டேன். அங்கே கண்டதை மறக்கவும் முடியவில்லை.

குறைத்தால் மட்டும் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஜப்பான் 2002இல் பாட உள்ளடக்கத்தை ஏறக்குறைய 30 வீதம் குறைத்தது. அத்துடன் பாடவேளைகளையும் குறைத்தது. சர்வதேசத் தேர்வுகளில் மாணவரின் நிலை சரிந்ததும் பெற்றோர் கலங்கினர். 2011 முதல் பாடங்களும் நேரமும் மீண்டும் கூட்டப்பட்டன. சரிவுக்கு இதுவே காரணமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம். பாடத்தைக் குறைத்து மிச்சப்படும் நேரம், எஞ்சிய பாடத்துக்கே செலவாக வேண்டும். மற்றப் பாடங்களைத் தாங்கி நிற்கும் பாடத்தில் கைவைக்கவும் கூடாது.

இனி நம் ஒக்லாந்து வகுப்பறைக்கு வருவோம். இந்நாட்டுப் பள்ளியாண்டில் நான்கு தவணைகள்; தவணைக்கு ஏறக்குறைய பத்து வாரங்கள். சனிக்கிழமைக்கு இரண்டு மணி நேரமென்றால் ஆண்டுக்கு 80 மணி நேரம். விடுமுறையும் விழா ஒத்திகையும் அதிற் கழியும். ஊரில் நமக்குத் தெருவும் சந்தையும் கோயிலும் தமிழ் கற்பித்தன. இங்கு அந்த 80 மணி நேரமே உண்டு.

அந்நேரத்தில் 247 எழுத்துகளையும் வரிசையாக எழுதி முடித்த பின்னரே வாசிப்பு என்றால், பிள்ளை ஒரு சொல்லை வாசிக்குமுன்பே களைத்துவிடும். ங வரிசையைப் பாருங்கள். 'அங்கே', 'மாங்காய்' என்பவற்றுக்கு 'ங்' வேண்டும். 'இங்ஙனம்' போன்ற சில சொற்களில் 'ங' வரும். 'ஙா' முதல் 'ஙௌ' வரை எஞ்சிய 11 எழுத்துகளும் அன்றாட வாசிப்பில் வருவதே இல்லை. அவற்றைத் தாள் தாளாக எழுதுவிப்பதை நிறுத்தினால் இழப்பு எதுவும் இல்லை.

அதற்குப் பதிலாக அ, ப, ம, ட, க, ர, ல என்னும் ஏழு எழுத்துகளையும், குற்றையும் அரவையும் முதலிற் கற்பிக்கலாம். அம்மா, அப்பா, மாமா, பால், மரம், படம், பட்டம், காகம், கடல், கப்பல் என்று பத்துச் சொற்களைப் பிள்ளை உடனே வாசிக்கும். 'க' என்பது அரவு பெற்றால் 'கா', குற்றுப் பெற்றால் 'க்' என்ற ஒழுங்கை அது தானே கண்டுகொள்ளும். ஒழுங்கு பிடிபட்டால் 247 தனித்தனிச் சித்திரங்கள் என்ற மலைப்பு நீங்கும். மிச்சப்படும் நேரத்தைக் கு, சு, து, டு, ணு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் உகர, ஊகார வரிசைகளுக்குக் கொடுக்கலாம். பிள்ளைகள் உண்மையில் இடறுவது அங்கேதான்.

வாசலிற் கேட்ட அந்தத் தந்தைக்கும், அவரைப் போன்ற பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இன்று வீடு திரும்பும்போது எத்தனை பக்கம் எழுதினாய் என்று பிள்ளையிடம் கேளாதீர்கள். முன்பு கண்டிராத ஒரு சொல்லைத் தாளில் எழுதிக் காட்டி, வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்துவிட்டால், அந்த மெல்லிய புத்தகம் தன் வேலையைச் செய்கிறது. வாசிக்காவிட்டால், இன்னும் இரண்டு புத்தகம் கேட்க வேண்டாம். அதே புத்தகத்தோடு இன்னும் சில சனிக்கிழமைகளை எங்களுக்குத் தாருங்கள்.