ஓராண்டு, பத்துக் கிணறுகள்

பிளஸ் டூ முடித்தோ பட்டம் பெற்றோ ஓராண்டு இடைவெளி எடுக்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. அந்த ஆண்டைச் சான்றிதழ் வகுப்புகளால் நிரப்பவே பெற்றோர் விரும்புகின்றனர். தன் ஊரின் ஒரே ஒரு பொருளைப் பன்னிரண்டு மாதம் அளந்து பதிவதே மேலானது என்பது என் கருத்து. ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளுக்கு அந்தப் பொருள் கிணற்று நீர்.

தோல் கெடாமலிருக்க உப்பிடப்படுகிறது. பதனிடும் ஆலையில் ஊறவைக்கையில் அவ்வுப்பு நீரில் இறங்குகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரித்தாலும் கரைந்த உப்பு நீங்குவதில்லை. பாலாற்றுப் படுகையில் பல கிணறுகள் உவர்த்துப்போனதற்கு இது முக்கியக் காரணம்.

வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்டுக்கல் பகுதியின் 13 ஊர்களில் 467 கிணறுகளுள் 350 மாசடைந்தன எனத் தொண்டு நிறுவனம் ஒன்று கண்டறிந்த கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. கிணறு கிணறாகச் சென்று எண்ணிய உழைப்பு நீதிமன்றம் வரை சென்றது.

செய்முறை எளிது. பத்துக் கிணறுகளைத் தேர்ந்து, உரிமையாளரின் அனுமதி பெறுக. அவற்றுள் இரண்டேனும் ஆலைகளுக்கு அப்பால், ஆற்றின் மேற்பகுதியில் இருக்கட்டும். மாதந்தோறும் ஒரே நாளில், மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டபின் நீரெடுத்து, டி.டி.எஸ். மீட்டரால் அளந்து, நீர்மட்டத்தையும் மழையையும் சேர்த்து எழுதுக. மீட்டரைத் திட்டக் கரைசலில் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். குடிநீருக்கு இந்தியத் தரம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை.

தவறு நேர்வது முடிவு சொல்லும்போதுதான். ஒரு கிணறு மே மாதம் 1900, நவம்பரில் 1300 காட்டுகிறது என்று கொள்வோம். ஆலைகள் திருந்திவிட்டன என்று எழுதத் தோன்றும். மேற்பகுதிக் கிணறுகளிலும் அதே விகிதத்தில் குறைந்திருந்தால், பெரும்பாலும் அது வடகிழக்குப் பருவமழையின் வேலை. மேலும், மீட்டர் மின்கடத்து திறனை அளந்து உப்பைக் கணிக்கிறதே தவிர, குரோமியம் உள்ளதா என்று சொல்லாது. அதற்கு ஆய்வகச் சோதனை வேண்டும்.

கிணற்று விவரம் அமானிதம். வீட்டாரின் பெயரை வெளியிடலாகாது. அவர்களுக்குரிய அளவை முதலில் அவர்களிடமே சொல்ல வேண்டும்.

ஆண்டின் முடிவில் நேர்முகத் தேர்வில் கேட்டால், எதை அளந்தேன், எண்கள் ஏன் மாறின, எதைச் சொல்ல என் எண்களால் இயலாது என்று அப்பிள்ளை கூறலாம். எத்தனை சான்றிதழ்கள் இருந்தாலும் அந்த மூன்றாவது பதிலை அவை கற்றுத் தருவதில்லை.